ஊளைச் சதையை உறைய வைக்கலாமா?

எலுமிச்சைச் சாறு கொழுப்பைக் கரைக்கும் என்பது உண்மையானால், எங்கள் புளியங்குடியில் ஒருத்தருக்குக் கூடத் தொந்தி இருக்கக் கூடாது! மூட்டை மூட்டையாக எலுமிச்சை ஏலம் போகிற ஊர் இது. ஆனாலும் மண்டிக்காரர்களுக்குத் தொந்தி உண்டு. அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு இடுப்பு மடிப்பும் உண்டு.

அப்படி ஒரு மண்டிக்காரரின் மனைவிதான் என் சித்தி மகள். வயது 38, இரண்டு குழந்தைகள். ஒருநாள் மத்தியானம் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"யக்கா, இதைப் பாருங்களேன். கத்தி இல்லை, ரத்தம் இல்லை, கொழுப்பை ஐஸ் மாதிரி உறைய வச்சே கரைச்சிருவாங்களாம். 60,000 ரூவா கேக்காங்க. சீட்டுப் பணம் வருது. போட்டுக்கிடலாமா?"

முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதனால் இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் என் வீட்டுத் திண்ணைக்குத்தான் வரும். "பணம் இருக்கட்டும். முதல்ல உன் வயித்தைக் கிள்ளிப் பாரு" என்றேன்.

சிரித்துக்கொண்டே கிள்ளினாள். இடுப்பின் பக்கவாட்டில் கை நிறையச் சதை அகப்பட்டது. ஆனால் நடு வயிறு பானை மாதிரி விம்மி, கிள்ள வராமல் கெட்டியாக இருந்தது.

சகோதரிகளே, விஷயமே இதில்தான் இருக்கிறது. கிள்ளினால் வருவது தோலுக்கு அடியில் இருக்கிற கொழுப்பு. கிள்ள வராமல் வயிற்றை முன்னே தள்ளுவது குடலையும் ஈரலையும் சுற்றி உள்ளே அடைந்திருக்கிற கொழுப்பு. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, மாரடைப்பு இவற்றுக்கு அதிகமாக வழி விடுவது இந்த உள் கொழுப்புதான். குளிர வைக்கும் இயந்திரமும் சரி, கொழுப்பை உறிஞ்சும் லிப்போசக்‌ஷனும் சரி, தோலடிக் கொழுப்பைத்தான் தொடும். உள்ளே இருப்பதை இரண்டுமே தொடாது.

குளிர் சிகிச்சையில் என்ன செய்கிறார்கள்? ஒரு ஜெல் துணியைப் போட்டு, சதையைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் உறிஞ்சிப் பிடித்து, ஏறக்குறைய ஒரு மணி நேரம் குளிர வைக்கிறார்கள். தோலைவிடக் கொழுப்பு அணுக்கள் குளிருக்குச் சீக்கிரம் சாகும். செத்த அணுக்களை உடம்பு மெல்ல மெல்ல அப்புறப்படுத்த இரண்டு மூன்று மாதம் ஆகும். முடிவில் அந்த இடத்துக் கொழுப்பின் கனம் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறையும். தராசில் ஏறி நின்றால் பெரிய வித்தியாசம் தெரியாது.

அபூர்வமாக நேர்மாறாகவும் நடப்பதுண்டு. குளிர வைத்த இடம் சில மாதத்தில் கருவியின் அச்சிலேயே கெட்டியாகப் புடைத்துவிடும். அது தானாக வற்றாது, அறுவை சிகிச்சைதான் வேண்டியிருக்கும். லிண்டா இவாஞ்சலிஸ்டா என்ற உலகப் புகழ் பெற்ற மாடல் அழகி, தனக்கு இப்படி ஆனதாக 2021-ல் வெளிப்படையாகச் சொன்னார். ஆகவே சிகிச்சைக்குப் பிறகு அந்த இடம் சுருங்காமல் தடித்துக்கொண்டே போனால், 'வீக்கம், வடிந்துவிடும்' என்று மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. வீட்டிலேயே ஐஸைக் கட்டிப் பார்க்கும் விஷப் பரீட்சை வேண்டவே வேண்டாம். தோல்தான் வெந்து போகும்.

"அப்போ உறிஞ்சி எடுக்கிறதுதான் நல்லதோ? கிலோ கணக்கில வருமாமே!" என்றாள் தங்கச்சி.

வரும்தான். ஆனால் அது முழு அறுவை சிகிச்சை. 2022-ல் பெங்களூரில் சேத்தனா ராஜ் என்ற 21 வயது நடிகை, கொழுப்பு நீக்கும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு உயிரிழந்ததைப் பலரும் படித்திருப்பீர்கள். நல்லபடியாக முடிந்தாலும் எது மாறுகிறது என்று பார்க்க வேண்டாமா?

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகர மருத்துவர்கள் இதைச் சோதித்து 2004-ல் எழுதினார்கள். பருமனான 15 பெண்கள். அவர்களில் 7 பேருக்குச் சர்க்கரை வியாதி. வயிற்றிலிருந்து ஒவ்வொருவருக்கும் சராசரியாக 9, 10 கிலோ கொழுப்பு உறிஞ்சப்பட்டது. பத்துப் பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், இன்சுலின் வேலை செய்யும் விதம், ரத்தக் கொதிப்பு, கொலஸ்ட்ரால், எதிலும் முன்னேற்றம் இல்லை! பை காலியாயிற்று, ஆனால் ஈரலிலும் தசையிலும் குடலைச் சுற்றியும் அடைந்திருந்த கொழுப்பு அப்படியே இருந்தது.

இதற்கு எதிர்ப்புறத்தில், நம் சென்னையிலேயே ஒரு ஆராய்ச்சி நடந்தது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை வியாதியின் எல்லையில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். இன்னொரு பிரிவினருக்குத் தினமும் அரை மணி வேக நடை, சர்க்கரையும் எண்ணெயும் குறைவு, நார்ச்சத்து அதிகம் என்று விடாமல் வழிகாட்டினார்கள். மூன்று வருஷத்தில் முதல் பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை வியாதி வந்தது. இரண்டாவது பிரிவில் 39 பேருக்குத்தான். 2006-ல் இது வெளிவந்தது. இதிலே அதிசயம் என்னவென்றால், இவர்களுக்கு எடை சொல்லும்படியாகக் குறையவே இல்லை! நடக்கிற தசை ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அந்தக் குணம் ஒன்றிரண்டு நாள்தான் நிற்கும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடந்தால் போதாது.

அங்கே 10 கிலோ போயும் ஆபத்து போகவில்லை. இங்கே எடை போகாமலே ஆபத்து குறைந்தது.

இதைச் சொல்லி, சீட்டுப் பணத்தைத் தொடுவதற்கு முன் அவளை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். எனக்கு ஒரு காரணம் இருந்தது. சித்திக்குச் சர்க்கரை உண்டு. இவளுக்கும் இரண்டாவது பிரசவத்தின்போது சர்க்கரை ஏறி இறங்கியது. பயந்தபடியே ஆயிற்று. குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 164. இது 140-க்குள் இருக்க வேண்டும். 200-ஐத் தொட்டால் சர்க்கரை வியாதி. இடுப்புச் சுற்றளவு 94 சென்டிமீட்டர். நம் பெண்களுக்கு 80-க்கு மேல் போனால் எச்சரிக்கை. எடை 68 கிலோ.

டாக்டரின் யோசனைப்படி சாப்பாட்டை மாற்றினோம். பட்டினி இல்லை. மூன்று வேளைக் காபியிலும் சீனி நின்றது. மத்தியானம் சோறு பாதியாகி, அந்த இடத்தில் கீரையும் அவரையும் பயறும் வந்தன. ராத்திரி ஆறு இட்லி மூன்றானது. விடிந்ததும் நானும் அவளும் தோப்புப் பக்கம் முக்கால் மணி நடந்தோம். பேச முடியும், ஆனால் பாட முடியாது. அந்த வேகம்தான் கணக்கு.

ஆறு மாதம் கழித்து எடை பார்த்தவள் முகம் வாடிவிட்டது. 65 கிலோ.

"இம்புட்டு நடந்து மூணு கிலோதானா? இந்தப் பக்கச் சதை அப்படியே நிக்குதே யக்கா!"

நின்றது வாஸ்தவம்தான். எந்த இடத்துச் சதை கரைய வேண்டும் என்று நடைக்கு உத்தரவு போட முடியாது. பிரசவத்தில் தளர்ந்த தோலையும் அது இழுத்துக் கட்டாது. ஆனால் இடுப்பு 89 ஆகியிருந்தது. கிள்ள வராமல் கெட்டியாக இருந்த நடு வயிறு கைக்குள் அடங்கியது. குளுக்கோஸ் பரிசோதனை 136 காட்டியது.

எடை ஓரளவு சரியாக இருந்து, ஒரே ஒரு இடத்து மடிப்பு மட்டும் மனசை உறுத்தினால், தேர்ந்த தோல் மருத்துவரையோ பிளாஸ்டிக் சர்ஜனையோ பார்த்து அந்தச் சிகிச்சைகளை யோசிப்பதில் தப்பில்லை. சேலை கட்டும் அழகுக்கு அது உதவும். குளிர் பட்டால் உடம்பு தடிக்கிறவர்களும் குடலிறக்கம் உள்ளவர்களும் முதலிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் வியாதிக்கு அதை மருந்தாக நினைக்கக் கூடாது.

சீட்டுப் பணம் இன்னும் அவள் பீரோவில்தான் இருக்கிறது. "அடுத்த வருசம் யோசிப்போம்" என்கிறாள். அதற்குள் இன்னொரு தடவை ரத்தம் பரிசோதிக்க வேண்டும். நாளைக் காலையிலும் நடக்க வேண்டும். அவளுக்கு முன்னால் நான் எழுந்திருக்க வேண்டும்!