சூடான டயருக்குள் என்ன நடக்கிறது?

காலையில் பெட்ரோல் பங்கில் 30 பி.எஸ்.ஐ. வைத்துக் காற்றடித்த கார், மதியம் வரை நெடுஞ்சாலையில் ஓடிய பிறகு அதே டயரில் கேஜை வைத்துப் பார்த்தால் 34, 35 காட்டும். நடுவில் யாரும் காற்றடிக்கவில்லை. டயரும் சொல்லும்படி விரியவில்லை. பிறகு அந்தக் கூடுதல் அழுத்தம் எங்கிருந்து வந்தது?

டயரைச் சற்று மறந்துவிட்டு, L நீளமுள்ள ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். உள்ளே ஒரே ஒரு மூலக்கூறு. அதன் நிறை m, வேகம் v. இரண்டு எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே நேர்கோட்டில் போய்வந்துகொண்டிருக்கிறது. சுவரில் மோதியதும் அதே வேகத்தில் திரும்பும். mv ஆக இருந்த உந்தம் எதிர்த்திசையில் mv ஆகிறது. அதாவது ஒவ்வொரு மோதலிலும் சுவர் வாங்கிக்கொள்வது 2mv. எதிர்ச் சுவருக்குப் போய்த் திரும்பி வர 2L தூரம் கடக்க வேண்டும் என்பதால், ஒரு நொடியில் இந்தச் சுவரில் v/2L தடவை மோதும். இரண்டையும் பெருக்கினால் சுவர் மீதுள்ள விசை mv²/L.

இந்த v² எப்படி வந்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மூலக்கூறு வேகமாகப் போனால் மோதல் பலமாக விழுகிறது. திரும்பி வரும் நேரமும் குறைவதால் மோதல் அடிக்கடி விழுகிறது. ஒரே வேகம் இரண்டு வழியில் வேலை செய்கிறது.

மிச்சம் எளிது. விசையைச் சுவரின் பரப்பால் வகுத்தால் அழுத்தம். மூலக்கூறுகள் N இருந்தால் எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். அவை முப்பரிமாணத்திலும் பாரபட்சமின்றிப் பறப்பதால், ஒரு திசைக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு. v² என்பதைச் சராசரியாக எடுத்துக்கொண்டால்:

PV = ⅓ N m v²

‘மூலக்கூறுகள் ஒன்றோடொன்றும் மோதுமே, அது கணக்கில் வரவில்லையே?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சாதாரணக் காற்றில் ஒரு மூலக்கூறு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தூரம்கூடப் போவதற்குள் இன்னொன்றில் முட்டிக்கொள்கிறது. ஆனால் அந்த முட்டலில் ஒன்று இழந்த உந்தம் மற்றதற்குப் போய்ச் சேருகிறது. மொத்தத்தில் சுவருக்குப் போகும் பங்கு குறைவதில்லை.

வெப்பநிலை இந்தச் சமன்பாட்டில் எங்குமே இல்லை. அது சோதனையிலிருந்து வருகிறது: வாயுக்களுக்கு PV = NkT என்று ஏற்கெனவே அளந்து கண்டிருந்தார்கள். k என்பது போல்ட்ஸ்மான் மாறிலி, T கெல்வினில் அளந்த வெப்பநிலை. இரண்டு சமன்பாடுகளிலும் இடப்பக்கம் ஒன்றே. ஆகவே வலப்பக்கங்களும் சமம்:

½ m v² = (3/2) kT

வெப்பநிலை என்று நாம் சொல்வது மூலக்கூறுகளின் சராசரி இயக்க ஆற்றலைத்தான். இதை முதலில் எழுதியவர்களில் ஒருவர் ஜான் ஜேம்ஸ் வாட்டர்ஸ்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். பம்பாயில் கடற்படைப் பயிற்சியாளர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். 1845-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அவர் அனுப்பிய கட்டுரையை வெளியிடத் தகுதியற்றது என்று ஒதுக்கிவிட்டார்கள். பிற்பாடு ராலே பிரபு அதை ஆவணக் கிடங்கில் தேடி எடுத்து, 1892-இல் அச்சேற்றினார். அதற்குள் வாட்டர்ஸ்டன் இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன.

இப்போது டயருக்கு வருவோம். காலையில் 27 டிகிரி, மதியம் டயருக்குள் 57 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்சியஸில் பார்த்தால் வெப்பநிலை இரட்டிப்புக்கும் மேல்; ஆனால் கெல்வினில் 300 இப்போது 330 ஆகியிருக்கிறது, பத்து சதவீத உயர்வுதான். 27 டிகிரியில் நொடிக்கு ஏறத்தாழ 517 மீட்டர் வேகத்தில் பறந்த நைட்ரஜன் மூலக்கூறு இப்போது 542 மீட்டர் வேகத்தில் பறக்கிறது. வேகம் கூடியது ஐந்து சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. ஆனால் ஒவ்வொரு மோதலும் அவ்வளவு பலமாகவும், அவ்வளவு அடிக்கடியும் விழுவதால் அழுத்தம் பத்து சதவீதம் ஏறுகிறது.

30-க்குப் பத்து சதவீதம் என்றால் 33 தானே? அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கேஜ் காட்டுவது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு அதிகம் என்பதை மட்டும். வெளிக்காற்றின் 14.7-ஐயும் சேர்த்தால் உள்ளே உண்மையில் இருந்தது 44.7. அதில் பத்து சதவீதம் ஏறினால் 49.2. வெளிக்காற்றைக் கழித்தால் கேஜில் 34.5.

‘நைட்ரஜன் அடியுங்கள் சார், சூட்டில் பிரஷர் ஏறாது’ என்று சில இடங்களில் சொல்வார்கள். சமன்பாட்டைப் பாருங்கள்: T-யின் பக்கத்தில் எந்த வாயு என்ற குறிப்பே இல்லை. ஒரே வெப்பநிலையில் கனமான ஆக்சிஜன் மூலக்கூறு சற்று மெதுவாகவும் லேசான நைட்ரஜன் மூலக்கூறு சற்று வேகமாகவும் பறக்கும். சராசரி இயக்க ஆற்றல் இரண்டுக்கும் ஒன்றே. நைட்ரஜனும் அதே பத்து சதவீதம்தான் ஏறும். போதாக்குறைக்கு, நாம் இலவசமாக அடிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன். வித்தியாசம் வருவது டயருக்குள் தண்ணீர் தேங்கியிருந்தால்தான்: சூட்டில் அது ஆவியாகும்போது N-உம் கூடிவிடுகிறது. உலர்ந்த நைட்ரஜனில் அந்தச் சிக்கல் இல்லை. உலர்ந்த காற்றிலும் இல்லை.