அம்மாவின் கண்ணும் படும்

இந்திப் படத்தில் கல்யாண வீடு என்றால் இந்தக் காட்சியை எதிர்பார்க்கலாம். அலங்காரம் முடிந்து மகள் எழுந்து நிற்பாள். அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்து, “கிஸீ கீ நஸர் ந லகே” என்பாள். யார் கண்ணும் பட்டுவிடக் கூடாது என்ற வேண்டுதல் அது. பிறகு தன் கண்மையை விரலால் தொட்டு, மகளின் காதுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைப்பாள்.

நஸர் என்பது அரபியிலிருந்து வந்த சொல். பொதுவாகப் பார்வையைக் குறிப்பது. காதலர் கண்கள் சந்திப்பதும் நஸர்தான், நன்றாக இருந்த குழந்தை திடீரென்று பால் குடிக்க மறுத்தால் பாட்டி பழி போடுவதும் நஸர் மீதுதான். கெட்ட பார்வையைப் பிரித்துச் சொல்ல ‘புரீ நஸர்’ உண்டு. ஆனால் வசனங்களில் பெரும்பாலும் வெறும் நஸரே போதுமானதாக இருக்கிறது. ஏனென்றால், பயம் பொறாமைக்காரர்களிடம் மட்டும் இல்லை. “மேரீ ஹீ நஸர் ந லக் ஜாயே” என்று பெற்றவளே சொல்வாள்: என் கண்ணே பட்டுவிடப் போகிறது! அளவு மீறி ரசிக்கும் எந்தப் பார்வையும், அன்பான பார்வைகூட, தீங்கு செய்யும் என்பதே நம்பிக்கை.

மைப்புள்ளியின் வேலை இதிலிருந்து புரியும். அழகில் வேண்டுமென்றே ஒரு குறை வைத்துவிட்டால், அது முழு அழகு இல்லை. கண்ணும் அங்கே தடுக்கி நிற்கும்.

‘பலாயே(ன்) லேனா’ இன்னும் நெகிழ்ச்சியான வழக்கம். பலா என்றால் ஆபத்து. பாட்டி இரு கைகளாலும் பேரனின் முகத்தை மேலிருந்து வழித்தெடுத்து, விரல்களைத் தன் நெற்றிப்பொட்டில் மடக்கி அழுத்துவாள். விரல்கள் ‘படக்’கென்று நெட்டி முறியும். அவனுக்கு வரவிருந்த ஆபத்தைத் தான் வாங்கிக்கொண்டாள் என்று பொருள். தமிழ்ப் பாட்டிகள் முகம் வழித்து நெட்டி முறிப்பதை அறிந்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை.

கண் பட்டுவிட்டது என்று தோன்றினால் கடுகு, உப்பு, காய்ந்த மிளகாயைக் கைப்பிடியில் எடுத்து, பெரும்பாலும் 7 முறை சுற்றி நெருப்பில் போடுவார்கள். மிளகாய் நெடி ஏறினால் கண்ணேறு இல்லை. நெடியே இல்லாவிட்டால் கடுமையாகப் பட்டிருக்கிறது என்பது கணக்கு. முஸ்லிம் வீடுகளில் பாராட்டும்போதே “மாஷா அல்லாஹ்” என்று சேர்த்து, அழகை இறைவன் நாட்டத்தில் ஒப்படைத்துவிடுவார்கள். தலையைச் சுற்றிய பணத்தை ஏழைக்குக் கொடுக்கும் ‘சத்கா’வும் உண்டு.

பாரசீகத்திலிருந்து வந்த ‘சஷ்மே பத்தூர்’ என்ற வாழ்த்துக்கும் கெட்ட கண் விலகட்டும் என்றே பொருள். சாயி பராஞ்ச்பே 1981இல் எடுத்த படத்துக்கு இதையே பெயராக வைத்தார். டெல்லியில் ஒரே அறையில் மூன்று நண்பர்கள். நேஹாவிடம் முயன்று தோற்ற இருவர், அவளை மூன்றாமவன் சித்தார்த் காதலிப்பது தெரிந்ததும் பொய் சொல்லிப் பிரிக்கப் பார்க்கிறார்கள். காதல் மீது விழும் கெட்ட கண் வெளியாருடையது அல்ல, பக்கத்துக் கட்டிலில் படுப்பவனுடையது.