விடை சரி, குறி தவறு: வினாத்தாளைப் படிக்கும் இயந்திரங்களின் ஓர் இடர்

பரீட்சை வினாத்தாளின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து இயந்திரத்திடம் கொடுத்தால், அது படத்திலுள்ள எழுத்துக்களைப் படித்து, வினாவை ஆராய்ந்து, விடையையும் கூறுகின்றது. இத்தகைய மொழி இயந்திரங்களின் திறமையை அளப்பதற்குப் பள்ளிப் பாடங்களிலிருந்தும் போட்டிப் பரீட்சைகளிலிருந்தும் திரட்டிய பல்லாயிரம் வினாக்கள் பயன்படுகின்றன. ஆனால் அளவுகோலே பிழைபடுவதற்கு ஒரு சிறு காரணம் உண்டு. படத்திலுள்ள தெரிவுகளுக்கு 1, 2, 3, 4 என்றோ அ, ஆ, இ, ஈ என்றோ குறியிட்டிருக்கும். திருத்தும் நிரலோ A, B, C, D என்னும் நான்கு எழுத்துக்களில் ஒன்றையே எதிர்பார்க்கும். இரண்டிற்கும் இடையே உள்ள பாலத்தை எவரும் சரிவரக் கட்டாவிடில், அறிந்த விடையும் அறியாத விடையாகப் பதிவாகிவிடுகின்றது.

ஓர் உதாரணத்தைக் கொண்டு இதனைத் தெளிவாக்குவோம். ஒவ்வொன்றும் 6 ஓம் தடையுள்ள மூன்று தடைகள் பக்க இணைப்பில் உள்ளன. தொகுபயன் தடை யாது என்பது வினா. தெரிவுகள்: (1) 3 (2) 18 (3) 2 (4) 6. ஆறை மூன்றால் வகுக்க வருவது 2. எனவே மூன்றாவது தெரிவே சரி. திருத்தும் நிரலுக்கு அது C ஆகும். இயந்திரம் கணக்கைப் பிழையின்றிச் செய்து "2" என்று எழுதுகின்றது என்று கொள்வோம். நிரல் அதனை இரண்டாம் தெரிவு எனக் கொண்டு B என்று பதிந்து, விடை தவறு என்று தீர்ப்பளிக்கும். மாறாக, கணக்கை அறியாத ஓர் இயந்திரம் தடைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து "3" என்று எழுதினால், அது மூன்றாம் தெரிவாகக் கொள்ளப்பட்டு முழு மதிப்பெண்ணையும் பெறும்! மதிப்பும் வரிசை எண்ணும் ஒரே உருவில் நிற்பதால் விளையும் குழப்பம் இது.

இதே வினா தமிழ்க் குறிகளுடன் அச்சாகியிருந்தால் சரியான தெரிவு இ ஆகும். இங்கே வேறு வகையான விபத்து நேர்கின்றது. தமிழ் எழுத்தை ஒலிபெயர்த்து ஆங்கில எழுத்தாக்கும் வழக்கம் நிரலாளர்களிடையே உண்டு. அவ்வாறு செய்து, நெடிலைக் காட்டும் மேற்கோட்டையும் நீக்கிவிட்டால், அ, ஆ, இ, ஈ என்ற நான்கும் A, A, I, I என்று ஆகின்றன. அ என்பது தற்செயலாகச் சரியான இடத்தை அடையும். ஆ என்பது B ஆகாமல் A ஆகிவிடும். ஏனைய இரண்டும் நான்கு எழுத்துக்களுக்குள் அடங்காமல் காணாமற்போகும். பேச்சொலியை நம்பினாலும் நிலைமை மேம்படாது. இ, ஈ இரண்டையும் கேட்ட செவிக்கு E என்ற எழுத்தே தோன்றும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் விடைத்தாளில் E என்பது 'விடை தெரியவில்லை' என்று கூறுவதற்கான கட்டமாகும். விடை தெரிந்து இ என்று கூறியதை, தெரியவில்லை என்ற ஒப்புதலாகப் பதிவதைவிட வேடிக்கையான பிழை வேறு உண்டோ!

இந்தச் சங்கடம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. இந்தி வினாத்தாள்களில் க வருக்கத்தின் முதல் நான்கு எழுத்துக்கள் குறிகளாக வருவதுண்டு; அவற்றைத் தமிழில் எழுதினால் நான்குமே க என்ற ஓரெழுத்தாகிவிடும். பல்கேரிய மொழியின் மூன்றாம் எழுத்து, உருவத்தில் ஆங்கில B போன்றே இருக்கும். கண்ணை நம்பி அதனை B என்று பதிந்தால் மூன்றாம் தெரிவு இரண்டாவதாக மாறிவிடும். ஒலியும் உருவமும் வழிகாட்டிகள் அல்ல; வரிசையில் வகிக்கும் இடம் ஒன்றே நம்பத்தக்கது.

தமிழில் மற்றொரு நுட்பமும் உண்டு. பழந்தமிழ் எண்களில் எட்டைக் குறிக்கும் ௮ என்பது அ என்ற உயிரெழுத்தின் வடிவையே உடையது. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றினும் கணிப்பொறிக்கு இவை வேறு வேறு: எழுத்துக்கு U+0B85, எண்ணுக்கு U+0BEE. படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் சாதனம் சில வேளைகளில் முன்னதற்குப் பதிலாகப் பின்னதைத் தந்துவிடும். திரையில் பார்ப்பவர் எவ்வளவு உற்று நோக்கினாலும் பிழையைக் காணமாட்டார். நிரலோ தான் தேடும் குறி அங்கு இல்லை என்றே கூறும்.

பிழை நேர்ந்திருப்பதை எவ்வாறு அறிவது? மதிப்பெண்ணே அதனைக் காட்டிக்கொடுக்கும். நான்கு தெரிவுகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டாலும் நூற்றுக்கு இருபத்தைந்து சரியாக அமையும் என்பது எதிர்பார்ப்பு. நூறு வினாக்களில் அறுபதை உண்மையாகவே அறிந்த ஓர் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். அது 1 முதல் 4 வரை விடை கூறுகின்றது. விடைப் பட்டியலோ கணிப்பொறி வழக்கப்படி 0 முதல் 3 வரை எண்ணியிருக்கின்றது. அறிந்த அறுபதும் ஓரிடம் தள்ளித் தவறாகும். எஞ்சிய நாற்பதில் ஊகத்தால் ஏறத்தாழ ஏழெட்டு மட்டும் பொருந்தும். ஆக, ஒன்றும் அறியாதவனுக்குக் கிட்டும் இருபத்தைந்தும் இதற்குக் கிட்டாது. தற்செயலுக்கும் கீழே இறங்கிய மதிப்பெண், அறியாமையின் அடையாளம் அன்று. இடம் பெயர்ந்த குறியின் அடையாளம்.

சில திருத்தும் நிரல்கள், குறி அகப்படாவிடில் ஏதேனும் ஒரு தெரிவைக் குருட்டுவாக்கில் எடுத்துக்கொள்கின்றன. அத்தகைய நிரலில் மதிப்பெண் இருபத்தைந்தை ஒட்டியே நிற்கும். இது முன்னதைவிட அபாயமானது. ஏனெனில் இயற்கையான அறியாமை போலவே காட்சியளிக்கின்றது. ஆகவே குருட்டுவாக்கில் எடுத்தவற்றை விலக்கி, ஒவ்வொரு குறியும் எத்தனை முறை பதிவாகியுள்ளது என்று எண்ணிப் பார்ப்பது அவசியம். A மிகுந்து, B, C, D மூன்றும் மறைந்திருந்தால், ஒலிபெயர்ப்பே குற்றவாளி என்பதில் ஐயமில்லை.

பரிகாரம் எளிது. இயந்திரத்திடம் குறியை மட்டும் கேளாமல், படத்தில் உள்ளவாறே குறியையும் அதன் வாசகத்தையும் சேர்த்து எழுதச் செய்ய வேண்டும்: "(3) 2" என்பது போல. பின்னர் அடைப்புக்குறிக்குள் இருப்பதை மட்டும் எடுத்து, ஓர் அட்டவணையைக் கொண்டு மாற்ற வேண்டும்.

```
KURI = {"அ":"A", "ஆ":"B", "இ":"C", "ஈ":"D",
        "1":"A", "2":"B", "3":"C", "4":"D",
        "\u0BEE":"A"}
```

கடைசி வரி, எட்டாக மாறிவிட்ட அகரத்தை மீட்பதற்காக. வாசகமும் குறியும் ஒன்றோடொன்று முரண்பட்டால் அந்த வினாவை ஒதுக்கி வைத்து, மனிதர் ஒருவர் படத்தைப் பார்க்க வேண்டும். படத்தில் எந்த மூலையில் இருக்கின்றது என்பதைக் கொண்டு வரிசையைத் தீர்மானிப்பதும் தகாது. இரண்டு பத்தியாக அச்சிட்ட தாளில், மேலிருந்து கீழாகப் படித்தால் அ-வை அடுத்து இ வந்துவிடும்.

இவ்வளவு செய்தும் அட்டவணைக்கு அகப்படாத ஓர் இனம் உண்டு. "ஈ) அ, ஆ இரண்டும் சரி" என்பது போன்ற தெரிவில், குறிகளே வாசகத்தினுள்ளும் புகுந்துவிடுகின்றன. இயந்திரம் "அ, ஆ இரண்டும்" என்று விடை கூறினால், முதலில் கண்ட எழுத்தைப் பற்றும் நிரல் A என்று பதியும். வெளிக் குறிகளை A முதல் D வரை மாற்றி அச்சிட்டால், உள்ளே நிற்கும் அ, ஆ எவற்றைச் சுட்டுகின்றன என்பதே விளங்காமற்போகும். இத்தகைய வினாக்களைத் தொகுக்கும்போதே பிரித்தெடுத்து, உள்ளும் புறமும் ஒரே குறிவரிசை அமையுமாறு கையால் திருத்துகின்றனர்.