அரக்குப் புடவையும் மயில்கழுத்துக் கோட்டும்

நிச்சயதார்த்தம், சங்கீத், ரிசப்ஷன் என்று மூன்று மேடை ஏறும் ஜோடிக்கு இப்போது துணிக்கடையில் கிடைக்கும் எளிய வழி 'கப்பிள் செட்'. பெண்ணின் லெஹங்காவுக்கும் மாப்பிள்ளையின் குர்தாவுக்கும் ஒரே தானிலிருந்து துணி வெட்டித் தருகிறார்கள். கடையில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். மேடையில் இருவரும் தோளுரசி நின்றதும் எங்கே அவர் முடிகிறார், எங்கே அவள் தொடங்குகிறாள் என்பது தெரியாது. இது வேண்டாம் என்று ஆளுக்கொரு கடையில் தனித்தனியாக எடுத்தாலோ, இரண்டு வேறு கல்யாணங்களிலிருந்து வந்தவர்கள்போல நிற்க நேரும்.

நடுவே ஒரு வழி இருக்கிறது. இரண்டே நிறங்களைத் தேர்ந்துகொண்டு, மூன்று நிகழ்ச்சிகளிலும் அவற்றின் அளவையும் இடத்தையும் மாற்றிக்கொண்டே போவது. ஜோடி என்பது பார்த்ததும் தெரியும். ஒருவரை மற்றவர் நகலெடுத்ததுபோல் இராது.

புடவையிலிருந்து தொடங்குங்கள்

முதலில் எடுக்க வேண்டியது பெண்ணின் நிச்சயதார்த்தப் பட்டு. காரணம், பட்டுப் புடவையில் உடல், கரை, ஜரிகை என்று மூன்று நிறங்கள் ஏற்கெனவே பொருந்தி வந்திருக்கின்றன. மாப்பிள்ளைக்கு அதில் எதைக் கொடுப்பது என்பதுதான் கேள்வி. உடல் நிறத்தைக் கொடுக்கக் கூடாது. கரையையும் ஜரிகையையும் கொடுக்கலாம்.

உதாரணமாக, மயில்கழுத்து நிற உடலும் அரக்குக் கரையும் மங்கலான பழந்தங்க ஜரிகையும் கொண்ட ஒரு காஞ்சிப் பட்டை எடுத்துக்கொள்வோம். மாப்பிள்ளைக்குச் சந்தன நிறப் பட்டுச் சட்டை, அதே சந்தனத்தில் அரக்குக் கரை போட்ட வேட்டி, அங்கவஸ்திரம். பெண்ணின் உடம்பில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும் அரக்கு, அவரிடம் இரண்டு விரல்கிடை கரையாக மட்டும் வருகிறது. இருவரையும் சேர்த்துக் கட்ட அது போதும்.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. பல வீடுகளில் பெண் ஒரு புடவையில் வந்து உட்கார்ந்து, லக்னப் பத்திரிகை வாசித்தபின் மாப்பிள்ளை வீட்டார் தட்டில் வைத்துக் கொடுக்கும் நிச்சயப் புடவைக்கு மாறுவாள். மாப்பிள்ளை மாற்றிக்கொள்வதில்லை, ஒரே சட்டை இரண்டு புடவைகளுக்கும் ஈடுகொடுக்க வேண்டும். முதல் புடவையின் நிறத்திலேயே சட்டை தைத்திருந்தால் அரைமணி நேரத்தில் பொருத்தம் போய்விடும். சந்தனமும் கரையும் என்றால், தட்டில் வரும் புடவையிலும் அரக்கு எங்காவது இருக்கும்படி சம்பந்தி வீட்டில் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தீர்ந்தது.

கிட்டத்தட்ட ஒரே நிறம்தான் வம்பு

நிறம் பொருத்துவதில் அதிகம் சறுக்குவது இங்கேதான். அரக்கும் மெரூனும் பக்கத்தில் நின்றால் பொருத்திப் பார்த்துத் தோற்றதுபோல் தெரியும். அரக்கும் மயில்கழுத்தும் நின்றால் வேண்டுமென்றே செய்ததுபோல் தெரியும். ஒரே நிறம் வேண்டுமென்றால் அதே சாயத்தில் அதே துணி வேண்டும். அது கிடைக்காவிட்டால் பளிச்சென்று வேறு நிறத்துக்குப் போய்விட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் ஆகாது.

அதே சாயம் என்றாலும் துணி மாறினால் நிறம் மாறும். பட்டு ஒளியைத் திருப்பி அடிப்பதால் ஒரு படி வெளுத்துத் தெரியும். வெல்வெட் ஒளியை உள்ளே வாங்கிக்கொள்வதால் ஒரு படி இருண்டு போகும். லினன் மங்கும். அரக்குப் பட்டு ரவிக்கைக்கு அரக்கு வெல்வெட் கோட்டு எடுத்தால் மேடையில் கோட்டு கறுப்பாகிவிடும் என்று தையற்காரர் எச்சரிப்பது இதனால்தான்.

மாதிரி எடுத்துப்போவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முந்தானைக் குஞ்சத்திலிருந்து நாலு நூலைக் கத்தரித்துக் கடைக்கு எடுத்துப்போவது பலரின் வழக்கம். மயில்கழுத்து போன்ற இரட்டை நிறப் பட்டு, பாவு ஒரு நிறமும் ஊடு வேறொரு நிறமுமாக நெய்தது. அதனால்தான் மடிப்பில் நீலமும் திருப்பத்தில் பச்சையும் காட்டுகிறது. குஞ்சத்தில் தொங்குவதோ பாவு நூல் மட்டும். உடலும் முந்தானையும் வேறு வேறு நிறமாக இருந்தால், அது முந்தானையின் பாவு; உடலோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. ரவிக்கைத் துண்டும் பெரும்பாலும் கரை நிறத்தில்தான் வரும். கரைக்கு மாதிரி வேண்டுமானால் ரவிக்கைத் துண்டில் ஒரு ஓரம் வெட்டிக்கொள்ளலாம். உடல் நிறத்துக்கு, இடுப்பில் செருகும் உள்தலைப்பில் அரை அங்குலம் வெட்டினால் யாருக்கும் தெரியாது. வெட்ட மனமில்லை என்றால் புடவையையே கையோடு கொண்டுபோவது உத்தமம்.

வாட்ஸ்அப் படத்தை நம்பி மட்டும் எடுக்க வேண்டாம். கைபேசி தானாகவே வெளிச்சத்தைச் சரிசெய்து, அரக்கைச் சிவப்பாக்கும், மயில்கழுத்தை வெறும் நீலமாக்கும். மாப்பிள்ளை வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்தால் அந்த அரை அங்குலத் துணியைக் கூரியரில் அனுப்புவதே வழி. இரண்டு துணிகளையும் கடை விளக்கில் பார்த்ததோடு விட்டுவிடாமல் வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்திலும் பாருங்கள். வேறு வேறு சாயங்களில் தோய்த்த துணிகள் ஒரு விளக்கின்கீழ் ஒன்றாகவும் மற்றொன்றின்கீழ் வேறாகவும் தெரிவது சகஜம்.

சங்கீத்: நிறத்தைவிட வெளிர், அடர்

சங்கீத் மேடையில் நிறத்துக்கு உத்தரவாதம் கிடையாது. நீலம், சிவப்பு, ஊதா என்று விளக்குகள் சுழன்றுகொண்டே இருக்கும். நீல வெளிச்சம் விழுந்தால் அரக்கு கறுப்பாகும். சிவப்பு வெளிச்சத்தில் பச்சை கறுப்பாகும். வெளிர் துணி மட்டும் எந்த விளக்கின் நிறத்தையும் வாங்கிக்கொண்டு பளிச்சென்று இருக்கும். எனவே இங்கே நிறத்துக்கு நிறம் பார்த்து மெனக்கெடுவது வீண். ஒருவர் வெளிர், ஒருவர் அடர் என்று பிரித்துக்கொண்டால், எந்த விளக்கு விழுந்தாலும் இருவரும் தனித்தனியாகத் தெரிவார்கள்.

நம் ஜோடிக்கு: பெண்ணுக்குப் பீச் நிற லெஹங்கா, பழந்தங்க வேலைப்பாடு, துப்பட்டா ஓரத்தில் மட்டும் அரக்கு. மாப்பிள்ளைக்குச் சந்தன நிறக் குர்தா, மேலே அரக்கு நேரு கோட்டு. நிச்சயதார்த்தத்தில் வேட்டிக் கரையாக இருந்த அரக்கு இப்போது அவருடைய மார்பில் ஏறிவிட்டது; பெண்ணிடம் அது ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டது. கோட்டு அடர்த்தியாக இருந்தாலும் குர்தாவின் கைகள் வெளிராக இருப்பதால், ஆடும்போது கைவீச்சு வீடியோவில் காணாமல் போகாது. நெருக்கமான பொடிக்கட்டம், பொடிக்கோடு போட்ட துணியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வீடியோவில் அது அலையடித்துக் கண்ணை உறுத்தும்.

ரிசப்ஷன்: பாத்திரங்களை மாற்றுங்கள்

ரிசப்ஷனில் வெளிச்சம் வெள்ளை, அசையாதது. இரண்டு மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். நிறம் உள்ளபடி தெரியும் இடம் இதுதான். முதல் புடவையில் கரையாக இருந்த அரக்கு இங்கே பெண்ணின் முழுப் புடவையாகட்டும். அன்று அவள் உடுத்திய மயில்கழுத்து, மாப்பிள்ளையின் பந்த்கலா கோட்டுக்குப் போகட்டும். கோட்டுத் துணியில் இரட்டை நிறம் எளிதில் கிடைக்காது. மயில்கழுத்தில் உள்ள இரண்டில் அடர்த்தியானதை, அதாவது கரும்பச்சை கலந்த நீலத்தை எடுக்க வேண்டும். கோட்டுப் பையில் செருகும் கைக்குட்டை அரக்கு. மூன்று ஆல்பங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால், அவள் நிறம் அவரிடமும் அவர் நிறம் அவளிடமும் போய்ச் சேர்ந்திருக்கும்.

இங்கே இருவரும் அடர் நிறம் என்பதால் பின்னணி வெளிராக வேண்டும். மண்டபத்து அலங்காரக்காரரிடம் பின்திரையின் நிறத்தைக் கேட்காமல் துணி எடுப்பது பெரிய பிழை. மெரூன் திரையின் முன்னால் அரக்குப் புடவை இருந்த இடம் தெரியாமல் போகும். அடுத்தது மாலை. கனமான ரோஜா மாலை போட்டால் மாப்பிள்ளையின் கோட்டில் கழுத்தும் கைகளும்தான் மிஞ்சும். பொத்தானும் கைக்குட்டையும் அதனடியில் போய்விடும். சிவப்பு ரோஜா மாலை அரக்குப் புடவையின்மேல் 'கிட்டத்தட்ட ஒரே நிறம்' என்ற அதே வம்பைக் கொண்டுவரும். வெள்ளை அல்லது சந்தன நிறப் பூக்களில் மெல்லிய மாலையாகக் கட்டச் சொன்னால் இரண்டு உடைகளும் பிழைக்கும்.

ஜரிகை மாறக் கூடாது

இத்தனையிலும் மாறாமல் இருக்க வேண்டியது உலோகத்தின் நிறம். புடவையில் பழந்தங்க ஜரிகை என்றால் வேட்டிக் கரை, லெஹங்கா வேலைப்பாடு, கோட்டுப் பொத்தான் வரை எல்லாமே பழந்தங்கம். மஞ்சள் பளபளக்கும் ஜரிகைக்குப் பக்கத்தில் வெள்ளிப் பொத்தான் மின்னினால், நிறம் எவ்வளவு பொருந்தினாலும் கண் அங்கேதான் போகும். பெண் போடும் நகை கோயில் நகையா, வைரமா என்பதைக் கேட்டுக்கொண்டு ஜரிகையை முடிவுசெய்வது இன்னும் நல்லது. வைரத்துக்கும் வெள்ளி ஜரிகைக்கும் ஒத்துப்போகும். கோயில் நகைக்கு மங்கலான தங்கம்தான் சரி.

தைத்து வந்ததும் இருவரும் உடுத்தி ஒரு முறை சேர்ந்து நின்று பாருங்கள். பத்தடி தள்ளி ஒரு படம் எடுத்து, கைபேசியிலேயே கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். சங்கீத் உடையில் இருவரும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் வெளிர், அடர் பிரிவு சரியில்லை. துப்பட்டாவையோ கோட்டையோ மாற்ற இன்னும் நேரம் இருக்கிறது. இந்தச் சோதனைக்காகவே உடைகளை நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் முன்பாவது தையற்காரரிடமிருந்து வாங்கிவிட வேண்டும்.

கடைசியாக ஒன்று. அம்மாக்களும் நாத்தனார்களும் ஆசைப்பட்டுக் கேட்டாலும், அந்தந்த மேடையில் ஜோடி உடுத்தும் இரண்டு நிறங்களை அவர்களுக்குக் கொடுக்காதீர்கள். பக்கத்தில் நிற்கும் பத்துப் பேரும் அரக்கில் வந்தால், மாப்பிள்ளையின் பையில் இருக்கும் ஒரு துண்டு அரக்கு யாரைச் சேர்ந்தது என்று எவருக்குத் தெரியும்? குடும்பத்துக்கு மஞ்சள், சந்தனம், வெங்காயத்தோல் நிறம் என்று வேறொரு பட்டியல் போட்டு, புடவை எடுக்கக் கிளம்புவதற்கு முன்பே கையில் கொடுத்துவிடுங்கள்.