சாட்சிக் கூண்டிலும் அவரே, நீதிபதி நாற்காலியிலும் அவரே

சட்டக் கல்லூரித் தேர்வில் கேட்கப்படும் வகையான ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். விவரங்கள் கற்பனை. ஆனால் இத்தகைய நிகழ்வுகள் ஊருக்கு ஊர் நடப்பவைதான்.

தமிழ்நாட்டில், சிறுபான்மையினர் நடத்தாத ஓர் அரசு உதவி பெறும் கல்லூரி. அதன் இயற்பியல் துறை விரிவுரையாளர் ஒருவர்மீது இரண்டு குற்றச்சாட்டுகள் வருகின்றன. தேர்வு வைக்காமலேயே சில மாணவர்களுக்கு அகமதிப்பீட்டு மதிப்பெண் போட்டார் என்பது முதலாவது. துறைக் கூட்டத்தில் துறைத் தலைவரை அவமதித்துப் பேசினார் என்பது இரண்டாவது. புகார் எழுதிக் கொடுத்தவர் அந்தத் துறைத் தலைவரே. குற்றச்சாட்டுக் குறிப்பாணையில் கையெழுத்திட்டவர் கல்லூரிச் செயலர். இதற்குச் சில மாதங்கள் முன்பு, தேர்வுக் கட்டண வசூலில் முறைகேடு என்று அதே செயலர்மீது விரிவுரையாளர் கல்லூரிக் கல்வி இணை இயக்குநருக்கு மனு அனுப்பியிருந்தார்.

விசாரணைக் குழுவில் மூவர்: கல்லூரி முதல்வர், துறைத் தலைவர், ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி ஒருவர். முதல் அமர்விலேயே, துறைத் தலைவர் குழுவில் இருக்கக் கூடாது என்று விரிவுரையாளர் எழுதிக் கொடுத்தார். குழு அதை ஏற்கவில்லை. மூன்றாம் அமர்வில் துறைத் தலைவர் தன் இடத்தைவிட்டு எழுந்துபோய்ச் சாட்சியாக உட்கார்ந்தார். நடந்ததைச் சொன்னார், குறுக்கு விசாரணைக்குப் பதில் சொன்னார், பிறகு மறுபடி குழுவில் வந்து அமர்ந்தார். இரண்டு குற்றச்சாட்டுகளும் நிரூபணமாயின என்று மூவரும் கையெழுத்திட்டனர். கல்லூரிக் குழு கூடிப் பணிநீக்கம் செய்தது. அந்தக் கூட்டத்தில் முதல்வரும் இருந்தார், செயலரும் இருந்தார். விரிவுரையாளர் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுகிறார். அரசு உதவி பெறும் கல்லூரிக்கு எதிராக ஆசிரியர்கள் இப்படி வரலாம் என்பது 1989-இல் ஆண்டி முக்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிய விஷயம்.

மற்றதைத் தொடுமுன் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் 1976-இன்படி, ஆசிரியரைப் பணிநீக்கம் செய்ய உரிய அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். அது இல்லையென்றால் ஆணை அந்தக் காரணத்துக்காகவே விழுந்துவிடும். அனுமதி வாங்கிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதுதான் உண்மையான கேள்வி எழுகிறது: இந்த விசாரணை ஒருதலைச் சார்பால் கெட்டுப்போனதா?

பலரும் தடுமாறும் இடம் இதுதான். துறைத் தலைவரின் மனதில் உண்மையிலேயே வஞ்சம் இருந்ததா என்று நிரூபிக்க வேண்டியதில்லை. மனதுக்குள் இருப்பதை எந்தச் சாட்சியாலும் காட்ட முடியாது. அந்த நாற்காலியில் அவர் அமர்ந்திருந்த சூழலைப் பார்த்தால், சார்பு இருக்கக்கூடும் என்று நினைக்க நியாயமான காரணம் உண்டா என்பதே நீதிமன்றம் கேட்பது. 1987-இல் ரஞ்சித் தாக்கூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் கூர்மையாக்கியது. தீர்ப்பளிப்பவர் தன் நெஞ்சைத் தொட்டு ‘எனக்குச் சார்பு இல்லை’ என்று சொல்லிக்கொண்டால் போதாது. தன் முன்னே நிற்பவரின் மனதில் என்ன தோன்றும் என்று பார்க்க வேண்டும். அதே சமயம், வெறும் சந்தேகமும் போதாது. ‘அவருக்கு என்னைப் பிடிக்காது’ என்ற வாக்கியம் மட்டும் எந்த விசாரணையையும் கலைத்துவிடாது.

இந்த அளவுகோலை வைத்தால் துறைத் தலைவர் விஷயத்தில் வாதத்துக்கே இடமில்லை. உத்தரப் பிரதேசத்தில் முகமது நூஹ் என்ற தலைமைக் காவலர்மீது நடந்த விசாரணையில், ஒரு சாட்சி பிறழ்ந்து பேசியதும், விசாரணை நடத்திய அதிகாரியே அவரை மறுத்துச் சாட்சி சொல்லிவிட்டு, மீண்டும் விசாரணையைத் தொடர்ந்து முடிவும் எழுதினார். தன் சாட்சியத்தை நம்பலாமா என்று தானே தீர்மானிக்கும் நிலை அது. 1957-இல் உச்ச நீதிமன்றம் அந்த விசாரணையைக் கடுமையாகக் கண்டித்தது. கல்வி நிறுவனத்திலேயே இப்படி நடந்த வழக்கும் உண்டு. 1993-இல் தீர்ப்பான ரத்தன் லால் சர்மா வழக்கில், பள்ளி முதல்வர் ஒருவர்மீதான விசாரணைக் குழுவின் உறுப்பினரே ஒரு குற்றச்சாட்டுக்குச் சாட்சியாகவும் இருந்தார். விசாரணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இங்கே நிர்வாகத்தின் வழக்கறிஞர் இரண்டு தடுப்புகளை வைப்பார். ‘மூவரில் ஒருவர்தானே, ஓய்வு பெற்ற நீதிபதியும் அதே முடிவைத்தானே எடுத்தார்?’ என்பது ஒன்று. கிரைபக் வழக்கில் 1969-இலேயே இதற்குப் பதில் கிடைத்துவிட்டது. இந்திய வனப் பணித் தேர்வுக் குழுவில் இருந்த ஓர் அதிகாரி தானும் ஒரு வேட்பாளர். தன் பெயர் வந்தபோது எழுந்துபோனார். போட்டியாளர்களின் பெயர்கள் வந்தபோது உட்கார்ந்திருந்தார். அவர் தங்கள் முடிவைப் பாதிக்கவில்லை என்று மற்ற உறுப்பினர்கள் உறுதி கூறியும் தேர்வு ரத்தானது. கூட்டாக யோசிக்கும்போது ஒருவரின் கருத்து இன்னொருவரிடம் எப்படிப் படிகிறது என்பதை வெளியிலிருந்து பிரித்தெடுக்க முடியாது என்பதே காரணம். ‘அவர் சாட்சி சொன்னது இரண்டாம் குற்றச்சாட்டுக்கு மட்டும்தான், முதலாவது நிற்கட்டும்’ என்பது அடுத்த தடுப்பு. ரத்தன் லால் சர்மா வழக்கிலும் அந்த உறுப்பினர் சாட்சியானது ஒரே குற்றச்சாட்டுக்குத்தான். ஆனாலும் விசாரணை முழுவதும் விழுந்தது. நம் கேள்வியில் முதல் குற்றச்சாட்டின் புகார்தாரரும் துறைத் தலைவரே என்பதால், அதைத் தனியே பிரித்துக் காப்பாற்ற வழியே இல்லை.

முதல்வரின் நிலை வேறு. விசாரணையில் அவர் எதுவும் தவறாகச் செய்யவில்லை. ஆனால் ‘குற்றம் நிரூபணமாயிற்று’ என்று எழுதியவரே, அந்த அறிக்கையை ஏற்கலாமா என்று ஆராயும் கூட்டத்திலும் அமர்ந்தார். பட்டயக் கணக்காளர் நிறுவனத்துக்கும் எல்.கே. ரத்னாவுக்கும் இடையிலான 1986 வழக்கில், ஒழுங்கு நடவடிக்கைக் குழு உறுப்பினர்கள் மன்றக் கூட்டத்திலும் கலந்துகொண்டது தவறு என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. கன்டோன்மென்ட் நிர்வாகத்துக்கும் விஜய் வானிக்கும் இடையிலான வழக்கிலும் 2008-இல் இதே முடிவு. தன் அறிக்கையைத் தானே எடைபோடுகிறவர் திறந்த மனதோடு போடுவார் என்று எதிர்பார்க்க முடியாது.

முதல்வர் கல்லூரிக் குழுவில் பதவிவழி உறுப்பினர், அவரை எப்படி விலக்குவது என்று நிர்வாகம் கேட்கலாம். வேறு யாருமே முடிவெடுக்க முடியாது என்ற நிலையில், சார்புள்ளவரே முடிவெடுப்பதைச் சட்டம் பொறுத்துக்கொள்கிறது என்பது உண்மை. தேவைக் கோட்பாடு என்பது இதுதான். ஆனால் அதன் வாசல் மிகக் குறுகியது. ஜெயலலிதாவின் தகுதிநீக்கம் பற்றித் தேர்தல் ஆணையம் கருத்துச் சொல்ல வேண்டியிருந்தபோது, தலைமைத் தேர்தல் ஆணையர் டி.என். சேஷன் அதில் பங்கேற்கலாமா என்ற கேள்வி எழுந்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த வழி: அவர் ஒதுங்கிக்கொள்ளட்டும், மற்ற இரு ஆணையர்களும் முடிவெடுக்கட்டும், அவர்கள் மாறுபட்டால் மட்டும் அவர் தன் கருத்தைச் சொல்லலாம். கல்லூரிக் குழுவிலும் முதல்வர் எழுந்துபோயிருந்தால், குறைவெண் இருக்கும் வரை மற்றவர்கள் முடிவெடுத்திருக்கலாம்.

செயலர் விஷயத்தில்தான் விரிவுரையாளரின் வாதம் பலவீனமாகிறது. குறிப்பாணை கொடுத்தவர் என்பதற்காக மட்டும் அவரைச் சார்புள்ளவர் என்று சொல்ல முடியாது. நிர்வாகத்தின் சார்பில் யாராவது கொடுத்துத்தான் ஆக வேண்டும். அவர்மீது எழுதிய மனுதான் அடிப்படை. அந்த மனு அவருக்குத் தெரியவந்ததா? குறிப்பாணைக்கு முன்பே தெரியுமா? இணை இயக்குநர் அலுவலகம் அவரிடம் விளக்கம் கேட்ட கடிதத்தின் தேதி குறிப்பாணைத் தேதிக்கு முந்தையதா? இவற்றுக்குக் காகிதம் இருந்தால் வாதம் நிற்கும், இல்லையென்றால் வெறும் சந்தேகமாகவே கரைந்துவிடும். இன்னொன்று: உள்நோக்கம் இருந்தது என்று சொல்வதானால், செயலரைப் பதவிப் பெயரால் மட்டுமல்லாமல் தனி நபராகவும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். அவருக்குப் பதில் சொல்ல வாய்ப்பளிக்காமல் அவர் நோக்கத்தைப் பற்றி நீதிமன்றம் முடிவு சொல்லாது. நல்ல வழக்குகள் இந்தச் சிறு வேலையைச் செய்யாததால் பாதி பலத்தை இழக்கின்றன.

என் கணிப்பில், இத்தகைய வழக்குகள் தோற்பது பெரும்பாலும் ஆட்சேபனை சொல்லத் தவறிய இடத்தில்தான். மாணக் லால் என்ற வழக்கறிஞர்மீதான விசாரணைக் குழுவின் தலைவர், முன்பு எதிர்த்தரப்புக்காக வாதாடியவர். அவர் அதில் அமர்ந்தது தவறு என்று 1957-இல் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனாலும் மாணக் லால் தோற்றார். விவரம் தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, அறிக்கை எதிராக வந்த பிறகு எதிர்த்தார் என்பதே காரணம். லக்னோ பல்கலைக்கழகப் பேராசிரியர் தேர்வு தொடர்பான டாக்டர் சரணா வழக்கும் 1976-இல் இப்படித்தான் முடிந்தது. தேர்வுக் குழுவினரைப் பற்றித் தெரிந்திருந்தும் நேர்காணலுக்குப் போய் அதிர்ஷ்டத்தைச் சோதித்துவிட்டுப் பிறகு குறை சொல்ல முடியாது.

நம் விரிவுரையாளர் துறைத் தலைவரை முதல் நாளே எழுத்தில் எதிர்த்தார். ஆகவே அங்கே கவலையில்லை. அதன்பின் விசாரணைக்குத் தொடர்ந்து வந்ததை விட்டுக்கொடுத்ததாகக் கொள்ள முடியாது. வராமல் இருந்திருந்தால் ஒருதரப்பாக முடித்திருப்பார்கள். முதல்வரை எதிர்க்கவில்லையே என்ற கேள்விக்கும் பதில் உண்டு. விசாரணைக் குழுவில் அவர் இருந்தது தவறில்லை. கல்லூரிக் குழுவில் அமர்ந்ததுதான் தவறு. அவர் அங்கே அமர்வார் என்பது விரிவுரையாளருக்கு முன்பே தெரியாதபோது, தெரியாத ஒன்றை விட்டுக்கொடுக்க முடியாது. செயலர் பற்றியோ அவருக்குத் தொடக்கத்திலிருந்தே தெரியும். அதை ஒரு முறைகூட எழுதவில்லை என்றால் அந்த வாதம் பெரும்பாலும் போய்விட்டது.

ஆக, பணிநீக்க ஆணை ரத்தாகும். மேல்முறையீட்டில் பார்த்துக்கொள்ளலாமே என்று நிர்வாகம் சொன்னாலும், தொடக்க நிலையில் நேர்ந்த இந்தக் கேட்டை மேல்முறையீடு போக்கிவிடாது என்று ரத்னா வழக்கு சொல்கிறது. ஆனால் ரத்து என்றால் விடுதலை என்று விரிவுரையாளர் எண்ணிவிடக் கூடாது. மதிப்பெண் போட்டது சரியா தவறா என்று நீதிமன்றம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்காது. குறிப்பாணை உயிரோடுதான் இருக்கும். வேறு குழுவை வைத்துப் புதிதாக விசாரிக்க நீதிமன்றம் அனுமதி தரும். விசாரணைக் குறையால் தண்டனை ரத்தாகும்போது, 1993-இல் கருணாகர் வழக்கு காட்டிய வழியில், புது விசாரணைக்காக ஊழியரை மீண்டும் சேர்த்துத் தற்காலிகப் பணிநீக்கத்தில் வைக்க நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. இடைப்பட்ட காலச் சம்பளம் அந்த விசாரணையின் முடிவைப் பொறுத்தே தீர்மானிக்கப்படும். புதுக் குழுவின் முன் துறைத் தலைவர் தாராளமாக வந்து சாட்சி சொல்லலாம்.