தட்டையான உதரவிதானம்

நாற்பது ஆண்டுகள் பீடி பிடித்த ஒருவரின் நெஞ்சு எக்ஸ்ரேயைக் குடும்பத்தார் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும்போது, "பாருங்க, எவ்வளவு கறுப்பா இருக்கு, எல்லாம் புகைக்கறை" என்பார்கள். உண்மை அதுவல்ல. எக்ஸ்ரே கதிர் தடையின்றிக் கடக்கும் இடமெல்லாம் படத்தில் கறுப்பாக விழும். நுரையீரலில் இருப்பது பெரும்பாலும் காற்று என்பதால் ஆரோக்கியமான நுரையீரலும் கறுப்புதான். புகையின் தார் படத்தில் தெரியவே தெரியாது. தெரிவது, அந்தப் புகை நுரையீரலின் வடிவத்தை என்ன செய்துவிட்டது என்பது.

அறுபது வயதைக் கடந்த ஒரு மெக்கானிக்கின் படம் என்று வைத்துக்கொள்வோம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வந்தவர். மருத்துவர் முதலில் விலா எலும்புகளை எண்ணுவார். மூச்சை நன்றாக இழுத்து நிறுத்தி எடுத்த படத்தில், முன்பக்க விலா எலும்புகளில் ஐந்தாவதோ ஆறாவதோ வலப்பக்க உதரவிதானத்தைத் தொடும். இவருக்கு எட்டாவதும் அதற்கு மேலேயே தெரிகிறது. அதாவது நுரையீரல் தன் அளவைத் தாண்டி ஊதிக் கிடக்கிறது. நடுவில் இதயம் ஒடுங்கி, நீள்வாக்கில் தொங்குவதுபோல் இருக்கிறது. மேற்பகுதியில் ரத்தக்குழாய்களின் வெள்ளைக் கோடுகள் குறைந்து, ஓரங்களில் ஏறக்குறைய காணாமல் போயிருக்கின்றன.

ஆனால் எனக்கு இந்தப் படத்தில் முக்கியமாகப் படுவது அடியில் இருக்கும் உதரவிதானம். அது மேல்நோக்கிக் கவிந்த வளைவாக இருக்க வேண்டும். விலா எலும்பை ஒட்டிய மூலையிலிருந்து இதயத்தை ஒட்டிய மூலை வரை ஒரு நேர்கோடு போட்டு, அதிலிருந்து வளைவின் உச்சி எவ்வளவு உயரம் என்று அளப்பார்கள். 1.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் தட்டையாகிவிட்டது என்று கணக்கு. இவருக்கு ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. பக்கவாட்டில் எடுத்த படத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் காற்று இடைவெளியும் அதில் அகன்று காணப்படும்.

ஏன் இப்படி ஆகிறது? புகை பட்ட நுரையீரலுக்குள் வெள்ளணுக்கள் திரள்கின்றன. அவை வெளிவிடும் நொதிகள், காற்றறைகளின் சுவரில் உள்ள மீள்தன்மை இழைகளை அரிக்கின்றன. சுவர்கள் அறுந்து, சிறு அறைகள் பல சேர்ந்து பெரிய பொந்துகளாகின்றன. இழுத்து இழுத்து இற்றுப்போன எலாஸ்டிக்போல, அந்த நுரையீரலால் தானாகச் சுருங்க முடிவதில்லை. நுண்ணிய மூச்சுக்குழல்களைச் சுற்றிலும் பிடித்து விரித்து வைத்திருந்தவையும் இதே சுவர்கள்தாம். அவை போனதும், மூச்சை விடும்போது குழல்கள் ஒடுங்கி மூடிக்கொள்கின்றன. காற்று உள்ளே போகிறது. முழுதாக வெளியே வர வழியில்லை. தேங்கிய காற்று உதரவிதானத்தைக் கீழே தள்ளுகிறது.

மூச்சு வாங்குவதன் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. மூச்சை உள்ளிழுக்கும் முக்கியத் தசை உதரவிதானம். வளைந்திருக்கும் அது சுருங்கிக் கீழிறங்கும்போதுதான் நெஞ்சுக்குள் இடம் விரிந்து காற்று வருகிறது. ஏற்கெனவே கீழிறங்கித் தட்டையாகிவிட்டால் இன்னும் இறங்க இடம் ஏது? சில நோயாளிகளுக்கு அது சுருங்கும்போது கீழ் விலா எலும்புகளை வெளியே விரிப்பதற்குப் பதிலாக உள்ளே இழுக்கிறது. சட்டையைக் கழற்றச் சொன்னால் கண்ணாலேயே பார்க்கலாம். குறைந்த வேலையை ஈடுகட்டக் கழுத்துத் தசைகள் விடைத்து எழுகின்றன. உட்கார்ந்தால் கைகளை முழங்காலில் ஊன்றி முன்னால் சாய்வதும், உதட்டைக் குவித்து மெல்ல ஊதுவதும் யாரும் சொல்லிக் கொடுக்காமலே வந்துவிடுகின்றன. உதட்டைக் குவித்தால் உள்ளே அழுத்தம் நீடித்து, குழல்கள் சீக்கிரம் மூடாமல் தாங்குகின்றன.

படத்தை மட்டும் நம்பி எம்ஃபைசீமா என்று முடிவு கட்டக் கூடாது. ஒல்லியாக உயரமாக இருக்கும் இளைஞர் ஆழ்ந்து மூச்சிழுத்தால் அவர் நுரையீரலும் நீளமாகத் தெரியும். கடும் ஆஸ்துமா தாக்கும்போது ஊதுகிற நுரையீரல், தாக்குதல் தணிந்ததும் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். மறுபுறம், ஆரம்பகட்ட எம்ஃபைசீமா எக்ஸ்ரேயில் சிக்காமலே போகும், சி.டி. ஸ்கேனில்தான் தெரியும். அதனால் மெக்கானிக்கை ஸ்பைரோமெட்ரி கருவியில் ஊதச் சொல்வார்கள். மூச்சுக்குழலை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும், மொத்தமாக ஊதும் காற்றில் முதல் நொடியில் வெளிவருவது 70 சதவீதத்துக்குக் குறைந்தால் அடைப்பு உறுதி.

இன்னொரு பொறி: சில படங்களில் மேல்பகுதியில் மெல்லிய ஓரத்துடன் பெரிய காற்றுப் பொந்து இருக்கும். நுரையீரலைச் சுற்றிய உறைக்குள் காற்று கசிந்துவிட்டது என்று அதைத் தவறாக நினைத்து நெஞ்சில் குழாய் செருகினால், பொந்தையே குத்திப் புதிய கசிவை உண்டாக்கிவிடலாம். நோயாளியின் நிலை இடம் கொடுத்தால், சந்தேகம் வந்ததும் சி.டி. எடுத்துப் பார்ப்பார்கள்.

அழிந்த காற்றறைகள் திரும்ப வளர்வதில்லை. புகையை விட்டால் அழிவின் வேகம் குறையும். நோய் மேற்பகுதியிலேயே அதிகமாக இருக்கும் தேர்ந்தெடுத்த சிலருக்கு, பயனற்ற அந்தப் பகுதியை அறுவை செய்து நீக்குவதோ, அதற்குச் செல்லும் குழலில் ஒருவழி வால்வு வைத்துச் சுருங்கவிடுவதோ உண்டு. அது பலித்தால் அடுத்த எக்ஸ்ரேயில் உதரவிதானம் ஓரளவு மேலேறி மறுபடி வளைந்து தெரியும்.