மாடுலர் கிச்சனுக்கு முழுப் பணமும் முன்பணமா?

மாடுலர் கிச்சனுக்கு 2,40,000 ரூபாய் கொட்டேஷன். அளவெடுத்து, நிறம் பார்த்து, எல்லாம் பேசி முடித்த பிறகு வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது: “ஃபுல் அமவுண்ட் போட்டுடுங்க மேடம், நாளைக்கே வேலையை ஆரம்பிச்சிடுறேன்.”

படபடப்பில் நாம் தட்டும் பதில் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

“முழுசா தர முடியாது. போன தடவை ஒருத்தர்கிட்ட ஏமாந்துட்டோம். பாதி இப்போ, மீதி வேலை முடிஞ்சதும்.”

கேட்பது நியாயம்தான், ஆனால் இந்தச் செய்தி காரியத்தைக் கெடுத்துவிடும். எவரோ செய்த மோசடிக்கு இவரைச் சந்தேகப்படுகிறது. அதைவிடப் பெரிய ஓட்டை, ‘வேலை முடிஞ்சதும்’ என்பது. கடைசிக் கதவை மாட்டியதுமே வேலை முடிந்தது என்பார் அவர். கீறல் விழுந்த லேமினேட்டை மாற்றித் தந்தால்தான் முடிந்தது என்போம் நாம்.

அவர் பக்கமும் ஒரு பயம் உண்டு. உங்கள் சமையலறை அளவுக்கு வெட்டிய பிளைவுட்டை வேறொரு வீட்டில் மாட்ட முடியாது. நீங்கள் பின்வாங்கினால் பொருட்செலவு அவர் தலையில் விழும். பாதித் தொகை கடைசிவரை நின்றால், அதை வசூலிக்க அலைய வேண்டியிருக்கும். அதனால் ஒவ்வொரு தவணையும் அவருக்கு வரப்போகும் செலவை ஒட்டியும், நம் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு கட்டத்தோடு சேர்ந்தும் இருக்க வேண்டும். திருத்திய செய்தி இது:

“வணக்கம் சார். டிசைன் பிடிச்சிருக்கு, வேலையை உங்களுக்கே தர்றோம். முழுத் தொகையையும் முன்பணமா தர இயலாது. இப்படித் தரலாம்னு நினைக்கிறோம்: ஆர்டர் கொடுக்கும்போது 96,000. கொட்டேஷன்ல சொன்ன பிளைவுட்டுல பெட்டிகளைச் செஞ்சு, பட்டறையில காட்டினதும் 72,000. எல்லாச் சாமானும் வீட்டுக்கு வந்து இறங்கினதும் 48,000. மாட்டி முடிச்சு, கதவு, டிராயர் எல்லாம் சரி பார்த்த ஏழாம் நாள் 24,000. முதல் தவணை பொருள் வாங்கப் போதலைன்னா சொல்லுங்க, பேசிக்கலாம்.”

மறுப்பு ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. மன்னிப்பும் இல்லை, பழங்கதையும் இல்லை. கடைசியில் நிற்பது பத்து சதவீதம் மட்டும் என்பதால் அவர் பயம் குறையும். ஆனாலும் இறுகாத கீலைச் சரிசெய்ய அவரைத் திரும்ப வரவழைக்க அது போதும். தேதி போடாமல் கட்டத்தைச் சொன்னதற்கும் காரணம் உண்டு: வேலை தள்ளிப்போனால் பணமும் தானே தள்ளிப்போகும்.

பதிலை எடைபோடுவது எளிது. “ஐம்பது சதவீதமாவது கொடுங்க, பிளைவுட் கடையில கடன் கிடையாது” என்றால், அவர் தொழில் செய்பவர், பேசலாம். தவணை என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காமல், “இன்னைக்கே முழுசா போட்டா 20,000 தள்ளுபடி” என்று அவசரப்படுத்தினாலோ, நிறுவனக் கணக்கை விட்டு வேறொருவர் பெயருக்கு அனுப்பச் சொன்னாலோ விலகிவிடுங்கள்.

முதல் தவணையில் இழுபறி நீடித்தால் ஒரு வழி இருக்கிறது. பிளைவுட் கடைக்கு நீங்களே நேரடியாகப் பணம் கட்டி, பில்லை உங்கள் பெயரில் வாங்கி, அந்தத் தொகையைக் கொட்டேஷனில் கழித்துக்கொள்ளலாம்.